ஒன்பது முகமும் ஒரு தாளும்

பாளையங்கோட்டையில் ஞானசிகாமணியின் படக்கடை மாடியில் வெயில் விழுவதே சாலோமியைக் கேட்டுத்தான் என்பார்கள். புருஷன் கீழே கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். கண்ணாடித் தகட்டில் விழுந்த முகத்தைக் காகிதத்தில் இறக்குவது இவள் வேலை. தகட்டையும் காகிதத்தையும் மரச்சட்டத்தில் சேர்த்து இறுக்கி வெயிலில் வைப்பாள். பதமாகக் கறுத்ததும் எடுத்துவிடுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு முகம்கூடத் தீய்ந்ததில்லை. அதற்காக ஒருவரும் அவளைப் பாராட்டியதுமில்லை.

தனக்குப் பாராட்டு இல்லாதது பழகிவிட்டது. அடுத்தவளுக்குக் கிடைப்பதுதான் பழகவில்லை. ஞானசிகாமணியின் தங்கை யூனிஸ் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். விடுமுறைக்கு வந்திருந்தாள். "யூனிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் அந்த வாரம் மட்டும் நாற்பத்தேழு தடவை சொல்லியிருந்தார். சாலோமி எண்ணி வைத்திருந்தாள். அவள் வயிறு எரிந்த எரிச்சலுக்கு, மேகம் மூடிய நாளில்கூடப் படம் கறுத்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு, ஆவணி மாதம். மேலப்பாளையத்திலிருந்து அசன் மைதீன் தம்பிமார் இருவரோடு வந்து இறங்கினார். மூவரும் பினாங்குக்குக் கப்பலேற வேண்டும்.

"சண்டை நடக்குத காலம் அண்ணாச்சி. பாஸ்போர்ட்டுல மூஞ்சிய ஒட்டணுமாம். ஆளுக்கு மூணு படம். அகலம் ரெண்டு அங்குலம், உயரம் ரெண்டரை. அளவு பிசகுனா திருப்பிருவாவளாம். நாளைக்குக் காலையில ரயிலு."

முகங்களைப் பிடித்தாயிற்று. காகிதம்தான் இல்லை. சண்டையால் சீமைச் சரக்கு வரவில்லை. பெட்டியில் மிஞ்சியிருந்தது எட்டரைக்கு ஆறரை அங்குலத்தில் ஒரே ஒரு தாள். ஞானசிகாமணி அதை வெயில் படாத மூலையில் படுக்கவைத்து அளந்தார். குறுக்கே நாலு, கீழே ரெண்டு. எட்டுப் படம்.

"ஒண்ணு குறையுதே" என்று தலையைச் சொறிந்தார்.

யூனிஸ் எட்டி, தாளை நிமிர்த்தி வைத்தாள். "குறுக்க மூணு, கீழ மூணு. ஒம்பது வரும் அண்ணே."

"யூனிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நாற்பத்தெட்டு. தினமும் அந்தத் தாளைத் தொடுகிறவள் சாலோமி. ஒருநாளும் நிமிர்த்திப் பார்க்கத் தோன்றவில்லையே.

யூனிஸ் தாளின் முதுகில் பென்சிலால் கட்டம் போட்டாள். ஒன்பது கட்டமும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் நின்றன. மிச்சமெல்லாம் ஓரத்தில் கிடந்தது. பார்த்ததும் சாலோமிக்குத் தெரிந்துவிட்டது. தாளை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு முகமாகத்தான் இறக்க வேண்டும். சட்டத்தில் தாள் மயிரிழை பிசகினாலும் ஒரு படத்தின் ஓரம் அடுத்ததின் மேல் ஏறி இருமுறை கறுக்கும். இரண்டு முகத்துக்கும் ஒரே கோடு. கத்தி கொஞ்சம் சாய்ந்தால் ஒருத்தர் அளவு குறையும்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கெடட்டும், கணக்கு டீச்சரின் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும் என்று தாளை வாங்கிக்கொண்டு மாடியேறினாள். அத்தனை சுகமாக அந்தப் படிகளில் அவள் ஏறியதே கிடையாது.

மாடிப்படி வரைக்கும் அசன் மைதீனும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"தங்கச்சி, பினாங்குல எங்க வாப்பா படுத்த படுக்கையாக் கெடக்காவ. இந்தக் கப்பல விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. பாத்துச் செய்யும்மா."

இந்த மனுஷன் ஒரு நிமிஷம் பிந்தி வந்திருக்கக் கூடாதா என்று சாலோமி நொந்துகொண்டாள். இருட்டறைக்குள் போய், ரொட்டித் துண்டால் யூனிஸின் கோடுகளை அழித்தாள். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது ஆசாரிமார் அளவு; அது அவளுக்கு விரலிலேயே உண்டு. அகலத்தில் மிச்சம் நாலு நூல்: இரண்டு ஓரத்திலும் இரண்டு இடைவெளியிலும் ஒவ்வொன்று. உயரத்தில் மிச்சம் எட்டு: அதே நாலு இடத்துக்கும் இரண்டிரண்டு. ரெண்டுக்கு ரெண்டரை அங்குலம் ஓட்டை வெட்டிய கறுப்புக் காகிதத்தை மூவர் தகட்டின்மேலும் மாற்றி மாற்றிப் போட்டு, தாளைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, ஒன்பது தடவை வெயில் காட்டினாள். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக நின்றது.

கழுவி, நிறமேற்றி, படம் மங்காமலிருக்க ஹைப்போ கரைசலில் போட்டு, மறுபடி கழுவிக் காயவைத்து வெட்டியபோது கத்தி வெள்ளைச் சந்துக்குள்ளேயே நடந்தது. ஞானசிகாமணி ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்பதும் சரி.

"பாத்தீரா பாய், என் தங்கச்சி போட்ட கோடு."

யூனிஸ் வெட்டி விழுந்த வெள்ளைக் கீற்றை எடுத்துப் பார்த்தாள். "இது நான் போட்டது இல்ல அண்ணே. நான் சந்தே விடல. என் கோட்டுல வெட்டியிருந்தா எல்லாம் பாழாப் போயிருக்கும். மதினிதான் மாத்தியிருக்காவ."

சாலோமி மாடிப்படியில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள்.

"தன் தப்பத் தானே ஒத்துக்கிடுதா பாரும்" என்றார் ஞானசிகாமணி, கண் கலங்கி. "படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான்."

அசன் மைதீன் மட்டும், படங்களை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு, போகிறபோது மாடிப்படியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சாலோமி அதை வைத்துக்கொண்டே மிச்ச வாழ்நாளை ஓட்டினாள். எழுபது வயதில் இந்தக் கதையைச் சொல்லும்போது மாடியில் நூறு பேர் நின்று கும்பிட்டார்கள். தாளை நிமிர்த்தி வைத்ததும் அவளேதான்.