தலைப்பில்லாத ஆறு மதிப்பெண்

சட்டக் கல்லூரி விடைத்தாள் திருத்தும் முகாம் என்றால் ஏதோ அறிவாளிகள் கூடி விவாதிக்கும் இடம் என்று வெளியே நினைக்கிறார்கள். திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஒரு பெரிய கூடத்தில், ஓடுகிற மாதிரி நடிக்கும் மின்விசிறிக்குக் கீழே, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வடை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். அதுதான் முகாம். நானும் வருடா வருடம் போய்த் திட்டிக்கொண்டே திருத்துகிறேன்.

அந்த முறை எங்களுக்கு வந்தது பழைய பாடத்திட்டத்து அரியர் கட்டு. எழுதியவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. இதில் போனால் புதிய பாடத்திட்டத்தில் முதலிலிருந்து படித்து எழுத வேண்டும், அதுவரை வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. பெயர் தெரியாது, பதிவெண் தெரியாது, அடையாளத்தை மறைக்க மேலே ஒட்டிய போலி எண் மட்டும்தான் தெரியும்.

கட்டுரைக் கேள்வி இருபது மதிப்பெண். "பொதுச் சட்ட நாடுகளில் முன்தீர்ப்பு கட்டுப்படுத்தும், குடிமைச் சட்ட நாடுகளில் கட்டுப்படுத்தாது. இந்தியா, இங்கிலாந்து, பிரான்சு ஆகியவற்றை ஒப்பிட்டு இக்கூற்றை விமர்சன நோக்கில் மதிப்பிடுக." அதாவது, மேல் நீதிமன்றம் முன்பு சொன்ன தீர்ப்பைப் பிற நீதிபதிகள் பின்பற்றியே ஆக வேண்டுமா என்பதுதான் விஷயம். விடைக் குறிப்பில் மூன்று நாடுகளின் நிலைக்கும் ஒப்பீட்டுக்குமாகப் பதினான்கு, விமர்சன மதிப்பீட்டுக்கு ஆறு.

அந்த ஆறு மதிப்பெண்ணை எங்கள் கூடத்தில் எப்படிக் கொடுப்பார்கள் தெரியுமா? "விமர்சனம்" என்று பட்டையாகத் தலைப்புப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தால் ஆறு. கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது எழுதியவர் சொந்த விவகாரம். ஒரு தாளில் "பிரான்சில் முன்தீர்ப்பு இல்லை. ஆகவே நீதிபதிகள் இஷ்டப்படி தீர்ப்புச் சொல்வார்கள். ஆகவே இந்தியாவே சிறந்தது" என்று இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியர், சந்தோஷமாக ஆறு போட்டு அடுத்த தாளுக்குப் போனார். எட்டிப் பார்த்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் கையில் அந்தத் தாள் வந்தது. தலைப்பு இல்லை, அட்டவணை இல்லை, கோடு இல்லை. கையெழுத்தும் சுமார்தான். ஆனால் ஆள் யோசித்திருந்தார்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசியலமைப்பின் நூற்று நாற்பத்தொன்றாம் உறுப்பே சொல்கிறது. ஆனால் பிடிக்காத தீர்ப்பு வந்தால் "அந்த வழக்கின் சங்கதி வேறு" என்று வக்கீல் நழுவப் பார்க்கிறார், நீதிபதியும் சில சமயம் விடுகிறார் என்று எழுதியிருந்தது. இங்கிலாந்தின் உச்ச நீதி அமைப்பு தன் பழைய தீர்ப்புக்குத் தானே கட்டுப்பட்டுக் கிடந்தது, பிறகு தேவைப்பட்டால் விலகலாம் என்று அறிவித்தது, ஆனாலும் அரிதாகத்தான் விலகுகிறது. பிரான்சில் நீதிபதி பொதுவிதி வகுக்கச் சட்டத்தொகுப்பே தடை போடுகிறது. ஆனாலும் கீழ் நீதிமன்றங்கள் பெரும்பாலும் மேலே சொன்னதைத்தான் பின்பற்றுகின்றன, இல்லாவிட்டால் அவற்றின் தீர்ப்பு மேல்முறையீட்டில் உடைந்துவிடும் என்பதால்.

அதோடு நிற்கவில்லை. "இதனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. பிரான்சு நீதிபதி விலகினால் அதுவே சட்டப் பிழை ஆகாது. இந்திய நீதிபதி விலகுவதற்குக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். எனவே கூற்று சட்டத்தின் பெயரளவில் சரி, நடைமுறையில் பாதிதான் சரி." இதைப் படித்தபோது எழுந்து கைதட்டலாம் போல இருந்தது. பதினைந்து போட்டேன். மற்ற கேள்விகளைக் கூட்டிப் பார்த்தால் தேர்ச்சிக்கு இந்தக் கட்டுரையில் பதினொன்று வேண்டியிருந்தது. தப்பித்துக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷம் வடை வரும் வரைக்கும்கூட நிற்கவில்லை. முகாமின் தலைமைத் தேர்வாளர் ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை உருவிச் சரிபார்ப்பது வழக்கம். உருவினார். அந்தத் தாளே வந்தது.

"ஏம்மா, விமர்சனம்னு தலைப்பே காணோமே. ஆறுக்கு அஞ்சு எதுக்குப் போட்டே?"

"மொத்தமும் விமர்சனம்தான் சார். படிச்சுப் பாருங்க."

உசிலம்பட்டி ஆசிரியருக்கு வடையைவிடச் சண்டை பிடிக்கும். "அதெல்லாம் செல்லாது தாயி. போன முகாம்ல தலைப்பு இல்லாட்டி மார்க் இல்லைன்னு அப்ப இருந்த சீஃப் சொல்லிட்டாரு. அம்புட்டுத்தேன். அதைக் கழிச்சா பத்து, பெயிலு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அது சிறுகுறிப்புக் கேள்விக்குச் சொன்னது. அந்தத் தாள்ல எல்லாம் ஒரே குவியலா இருந்துச்சு, எது எங்க இருக்குன்னு தெரியல. அதுனாலதான் சொன்னாரு. இங்க எல்லாம் தெளிவாத் தெரியுதே? சங்கதி வேற, காரணமும் வேற. இது அதுக்குப் பொருந்தாது."

"நல்லா நழுவுற தாயி!"

தலைமைத் தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நிமிசம். அவரும் சீஃப், நானும் சீஃப். சரி சமம். அவர் சொன்னது தப்புன்னு நானா தள்ளிவைக்க முடியாது. பெரிய அமர்வுக்குத்தான் அனுப்பணும்."

நீதிமன்றத்தில் என்றால் கூடுதல் நீதிபதிகள் உட்காருவார்கள்; எங்கள் முகாமில் பெரிய அமர்வு என்பது தேர்வு அலுவலகத்து அதிகாரி. அவர் கோச்சடையில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தார். போன் அடித்தோம். எடுத்தவர் "பந்தியில உட்காந்துட்டேன், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"தள்ளிவைக்க வேண்டாம் சார். போன வருசத்து வார்த்தை அப்படியே இருக்கட்டும். அது சிறுகுறிப்புக்கு மட்டும்னு நீங்க சொன்னாப் போதும்" என்றேன்.

உசிலம்பட்டி ஆசிரியர் விடுவதாக இல்லை. "தாயி, இதெல்லாம் பிரான்சுல இருந்தா எடுபடும். இது மதுரை. பழைய வழக்கம்னா வழக்கந்தேன்."

தலைமைத் தேர்வாளர் அந்தக் கட்டுரையை எடுத்து முழுவதும் படித்தார். நடுவில் ஒருமுறை சிரித்தார், "சங்கதி வேறு" என்ற இடத்தில் என்று நினைக்கிறேன். பிறகு பதினைந்தைப் பதினான்காக மாற்றிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்று அவருடைய கௌரவத்துக்கு. கூடவே ஒரு சீட்டில் எழுதினார்: "இந்த விடைத்தாளுக்கு மட்டும். மற்றவற்றுக்கு முன்னுதாரணம் ஆகாது."

பையனோ பெண்ணோ, தேர்ச்சி. வடையும் வந்தது. நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை.

"சார், இதே மாதிரி இன்னொரு தாள் வந்தா என்ன செய்யறது?"

"வராதும்மா. நானும் இம்புட்டு வருசமாப் பாக்குறேன், இப்படி எழுதுன பிள்ளை ஒண்ணைக்கூடப் பாத்ததில்லை."

"வந்திருக்கும் சார். தலைப்பு இல்லைன்னு நாமதான் பெயிலாக்கி அனுப்பியிருப்போம்."

அவர் வடையை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அதிகம் பேசிவிட்டோமோ என்று வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நூல் அவிழும் சத்தம் கேட்டது. உசிலம்பட்டி ஆசிரியர் காலையில் திருத்திக் கட்டி வைத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல தாயி. கூட்டல் சரியான்னு பாக்குறேன்."

கூட்டல் முதல் பக்கத்தில் இருக்கும். அவர் கோடு இழுக்காத ஒரு தாளின் நடுவில் எங்கோ விரலை வைத்து, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.