0.9 என்ன?

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கட்டம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவள் முன்னால் அக்கா, முதுகுக்குப் பின்னால் கட்டம். அது அவளுக்கும் தெரியும். 'முழுசாவே கூப்பிடுங்கடா, பேர் மிச்சப்படுத்தி என்ன பண்ணப்போறீங்க' என்பாள்.

நாங்கள் லிப்ட் பராமரிக்கிற கம்பெனி. ஊரில் பாதி லிப்டுகள் எங்கள் கையில், மீதிப் பாதி கடவுள் கையில். கட்டம் அக்கா இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் புகார் வாங்குகிற போன் சீட்டில் வந்து உட்கார்ந்தவள். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் 'காப்பாத்துங்க, ரொம்ப நேரமா மாட்டிக்கிட்டேன்' என்று அலறுவான். இவள் பதறாமல் கேட்பாள்: 'ரொம்ப நேரம்னா எவ்வளவு? எத்தனை மணியிலேருந்து? உள்ள எத்தனை பேர்?' அலறியவனே அடங்கி ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுவான். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் போயிற்று. பள்ளி பஸ் ஓட்டுகிற அவள் கணவர், 'பத்து நிமிஷத்துல வந்துடறேன்' என்று போன் செய்தால், 'எந்தப் பத்து நிமிஷம்? இப்பலேருந்தா, வண்டியை எடுத்ததுலேருந்தா?' என்பாள். அந்த மனிதர் இப்போதெல்லாம் போனே செய்வதில்லை, நேராக வந்துவிடுகிறார்.

இப்போது அவளுக்கு அறிக்கைப் பிரிவில் அட்டவணைக் கட்டங்களை நிரப்புகிற வேலை, பட்டப்பெயர் அதிலிருந்து வந்தது. எனக்கும் அங்கேதான், பக்கத்து மேஜை. நான் ஸ்லைடு செய்கிறவன். கம்பெனியில் யாராவது வாயைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் என்னிடம் வந்து ஸ்லைடு கேட்பார்கள். ஸ்லைடு இல்லாமல் எங்கள் எம்.டி.க்குக் 'குட் மார்னிங்' கூட வராது.

அந்த வருஷம் ஒரு பெரிய விஷயத்துக்கு ஸ்லைடு செய்யச் சொன்னார்கள். மெக்கானிக்குகள் கிளம்பிப் போகிற டிப்போ எங்களுக்கு ஊரின் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. இரண்டில் ஒன்றை மூடப்போகிறார்கள். எதை மூடுவது என்று போர்டு மீட்டிங்கில் முடிவெடுப்பார்கள். எம்.டி. மனசுக்குள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். கிழக்கை மூட வேண்டும். காரணம், மேற்கு மேனேஜர் தேனொழுகப் பேசுவார், கிழக்கு மேனேஜர் பேசவே மாட்டார். இதை வெளியில் சொல்ல முடியாதில்லையா? அதற்குத்தான் ஐம்பத்தெட்டு ஸ்லைடு.

இரண்டு டிப்போவும் தங்கள் தங்கள் கணக்கை அனுப்பின. கிழக்குக்காரர் நிமிஷத்தில் எழுதியிருந்தார்: லிப்டில் ஆள் மாட்டினால் போய்ச் சேர சராசரியாக 45 நிமிஷம். மேற்குக்காரர் மணியில் எழுதியிருந்தார்: 0.9 மணி. நான் இரண்டையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வரைபடத் தூணாக நிறுத்தினேன். 'மணி' என்ற சொல் தூணுக்கு மேலே முட்டிக்கொண்டு அசிங்கமாக இருந்தது. அழித்தேன். மேற்கு என்றெழுதிய இடத்தில் தூண் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எம்.டி. பார்த்தார், முகமெல்லாம் பல். 'பாருப்பா, மேற்கு எவ்ளோ ஃபாஸ்ட்டு!' என்றார். எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சம்பளம் வாங்குகிற வாய் எந்நேரமும் திறக்காது.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும். ஆனால் எங்கள் போர்டின் சேர்மன் அம்மா ஸ்லைடு பார்க்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு தாள் வேண்டும். ஸ்லைடுகளில் இருக்கிற முக்கியமான எண்கள் எல்லாம் ஒரே அட்டவணையில், எந்த அலகு, எந்தக் காலம், எந்த ஸ்லைடிலிருந்து எடுத்தது என்பதோடு. அந்தத் தாளைச் செய்வது கட்டம் அக்கா.

அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த ஸ்லைடு என்பதற்கு அதன் மூலையில் அச்சாகியிருந்த எண்ணைத்தான் குறித்துக்கொண்டாள். முக்கியமான எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒரே எண்ணை இரண்டு ஸ்லைடு இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டு வரி. மேற்கில் வாடிக்கையாளர் திருப்தி ஒன்பதாவது ஸ்லைடில் 94 சதவீதம், நாற்பத்தேழாவதில் 88. எது சரி என்று அவள் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் எழுதி, 'ஒன்றோடொன்று பொருந்தவில்லை' என்று குறிப்பு போட்டாள்.

"தம்பி, ஆள் மாட்டின சம்பவம் கிழக்குல 312, மேற்குல 98னு ஒரே ஸ்லைடுல போட்டிருக்கியே, பதினேழாவது ஸ்லைடு கிழக்குக் கணக்கை ஒரு வருஷம்னு சொல்லுது. முப்பத்து மூணாவது ஸ்லைடு மேற்குக் கணக்கை மூணு மாசம்னு சொல்லுது. இது என்ன நியாயம்?"

"நாலால பெருக்கிக்கங்கக்கா."

"நான் எதுக்குப் பெருக்கணும்? ஸ்லைடுல இருக்கறதை எடுக்கறதுதான் என் வேலை, சமைக்கறது இல்ல."

பெருக்கவில்லை. தேடினாள். ஐம்பத்திரண்டாவது ஸ்லைடில், பின்னிணைப்பில், யாரும் எட்டிப் பார்க்காத எறும்பெழுத்துப் பட்டியலில் மேற்கின் முழு வருஷக் கணக்கு இருந்தது. 401. நானே ஒட்டிய ஸ்லைடு, எனக்கே ஞாபகமில்லை. அதையும் தனி வரியாகப் போட்டாள்.

அப்புறம் 0.9-க்கு வந்தாள்.

"0.9 என்ன தம்பி?"

"என்னன்னா?"

"அலகு என்னன்னு கேக்கறேன். நிமிஷமா, மணியா, நாளா?"

"மேற்கு மேனேஜரைக் கேளுங்களேன்" என்று நழுவினேன். அவள் எழுதிக் கேட்டாள். அந்த மகானுபாவன் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினான். எம்.டி.யிடம் போனாள். 'பக்கத்துல நிமிஷம்னு இருக்கில்ல, அதையே போடும்மா' என்றார். அவள் போடவில்லை. அலகு கட்டத்தைக் காலியாக விட்டு, குறிப்பில் 'ஸ்லைடு 24-இல் அலகு இல்லை' என்று எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவள் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவள் தங்கையின் வீட்டுக்காரர் மேற்கு டிப்போவில் மெக்கானிக். முந்தின நாள் சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனவள், பேச்சுவாக்கில் 0.9-ஐக் கேட்டிருக்கிறாள். அவர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். 'ஒரு நிமிஷத்துக்குள்ளயா? வண்டிச் சாவியைத் தேடவே அஞ்சு நிமிஷம் ஆகும்க்கா. ஒரு மணி நேரம்னு சொல்லுங்க.' சிரித்து முடித்ததும் அவருக்கு எதற்காகக் கேட்கிறாள் என்று உறைத்திருக்கிறது. முகம் செத்துப்போயிற்றாம். 'அக்கா, அதை அப்படியே விட்டுடுங்க. ரெண்டு பசங்களும் இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்காங்க' என்றிருக்கிறார்.

"இப்ப என்னக்கா பண்ணப்போறீங்க?" என்று கேட்டேன்.

"என்ன பண்றது? மணின்னு அவர் வீட்டுல சொன்னாரு. வீட்டுல சொன்னதை எந்த ஸ்லைடு நம்பர் போட்டு எழுதறது? நிமிஷம்னு எழுதினா அது பச்சைப் பொய். கிழக்குல இருபது பேருக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல? காலியாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம், 'அக்கா, மணியை அழிச்சது நான்தான், திரும்பப் போட்டுடறேன்' என்று. நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

மீட்டிங்கில் எம்.டி. ஐம்பத்தெட்டு ஸ்லைடையும் ஓட்டினார். சேர்மன் அம்மா ஒரு தடவைகூட நிமிர்ந்து திரையைப் பார்க்கவில்லை. கையில் அக்காவின் தாள், அதன்மேல் பேனா ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது.

"0.9. பக்கத்துல ஒண்ணும் போடலையே. 0.9 என்ன? மாம்பழமா?"

எம்.டி. மேற்கு மேனேஜரைப் பார்த்தார். மேற்கு மேனேஜர் தன் பேனாவின் மூடியை ஆராய்ந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்காவிடம் அம்மா திரும்பினார்.

"நீங்கதானே இதைச் செஞ்சது? ஏன் காலியா விட்டீங்க?"

"ஸ்லைடுல அலகு இல்லைங்க மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"என் காதுல விழுந்தது ஒண்ணு இருக்குங்க மேடம். ஆனா அது இந்தத் தாள்ல வராது. ஸ்லைடைச் செஞ்சவர் இங்கதான் இருக்காரு, அவருக்கு வந்த கணக்குல என்ன இருந்துச்சுன்னு அவரைக் கேளுங்க."

அறையில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தது. "மணி மேடம்" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன், "மணி நேரம். ஐம்பத்து நாலு நிமிஷம் மேடம்."

சேர்மன் அம்மா தாளில் எழுதிக்கொண்டார். கிழக்கு 45, மேற்கு 54. கிழக்கு 312, மேற்கு 401. இரண்டு டிப்போவிலும் லிப்டுகள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, அதுவும் தாளில் இருந்தது, ஆறாவது ஸ்லைடு. ஐந்து நிமிஷத்தில் மேற்கை மூடுவது என்று முடிவாயிற்று. எம்.டி. கொஞ்சம்கூட வெட்கப்படாமல், 'நான் எப்பவுமே டேட்டா பக்கம்தான்' என்று முதலில் கைதட்டினார். மேற்கு மேனேஜரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றி, 'சிறப்புத் திட்டங்கள்' என்று ஒரு பெயர்ப்பலகையும் சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். என்ன சிறப்பு, என்ன திட்டம் என்று இன்று வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. மெக்கானிக்குகள் இருபத்திரண்டு பேரை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அக்காவுக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அதில் தேதி இல்லை. அவள் அதைச் சொல்லிக்கூடச் சிரிக்கவில்லை.

மாதக் கடைசியில் அவள் தங்கை எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். புருஷனின் சீருடை இரண்டு, அடையாள அட்டை, கருவிப்பெட்டிச் சாவி, எல்லாம் ஒரு பையில். அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பையை அக்காவின் மேஜைமேல் வைத்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏன்க்கா, அத்தனை கட்டத்தையும் நிரப்பினியே, அந்த ஒரு கட்டத்தை மட்டும் எதுக்குக்கா காலியா விட்டே? அதனாலதானே அந்தச் சேர்மன் அம்மா கேட்டாங்க? எதையாவது எழுதித் தொலைச்சிருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

அக்கா அழுதாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"காலியா விட்டது யாரு, நானா?" என்றாள்.

தங்கையைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.