நான்காவது பத்தி

பள்ளிபாளையத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருந்த ஒரு நூல் மில்லில், எண்பதுகளின் நடுவில், நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். மில்லை நான் அங்கே வேலை பார்த்த காலத்திலேயே எனக்குப் பிடிக்காது. சத்தம் பிடிக்காது, மூக்கில் ஏறும் பஞ்சு பிடிக்காது, எல்லாவற்றையும் விட அதன் மேனேஜரைப் பிடிக்காது. சம்பளம் மட்டும் பிடித்தது, அதனால் இருந்தேன்.

ரீலிங் என்று ஒரு பிரிவு இருந்தது. நூலைச் சிட்டமாக, அதாவது கைத்தறிக்குப் போகும் கற்றையாகச் சுற்றும் வேலை, முழுக்கப் பெண்கள். கைத்தறிக்காரர்களிடமிருந்து சிட்டத்துக்கு ஆர்டர் குறையக் குறைய, அந்தப் பிரிவையே மூடிவிடுவது என்று கோயம்புத்தூர் தலைமை அலுவலகம் முடிவு செய்தது. அவ்வளவு பேரை நிர்வாகமே வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும், அது லேசில் கிடைக்காது. ஆகவே ஒரு கடிதம் தயாரானது. இரு தரப்பும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று தலைப்பு. கையெழுத்துப் போட்டால், சர்வீஸ் வருஷத்துக்கு இவ்வளவு சம்பளம் என்று கணக்குப் போட்டு ஒரு தொகை. அதற்குப் பதிலாக, வேலையைத் திரும்பக் கேட்க மாட்டேன், இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கிராஜுவிட்டியும் பி.எஃப்-பும் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் வந்தே தீர வேண்டியவை. அதைக் கேட் மீட்டிங்கில் யூனியன் செயலாளர் தொண்டை வறளச் சொன்னார். மேனேஜர் மட்டும் அவற்றையும் தன் கைக்காசு போலவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடிதங்களைத் தமிழில் டைப் அடித்தது நான். எல்லாம் ஒரே வாசகம், பெயரும் டோக்கன் நம்பரும் தொகையும்தான் மாறும். ஒருவருக்கு மட்டும் நான்காவது பத்தியை வேறாக அடிக்கச் சொல்லி மேனேஜர் தனியே ஒரு தாள் கொடுத்தார். அத்தனை கடிதம் அடிக்கும்போது விரல்தான் அடிக்கும், தலை அடிக்காது. அடித்து அடுக்கில் வைத்துவிட்டேன்.

அந்த ஒருவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சின்னப் பெண்களைப் பிரியமாகக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் என்னைச் சாமி என்பார். நாற்பதை ஒட்டிய வயது. காலையில் நான் வரும்போது நெற்றி நிறையக் குங்குமத்தோடு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். ஷிஃப்ட் முடிந்து போகும் ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடைசி ஆள் போன பிறகுதான் உள்ளே வருவார். மழையானாலும் இதே கதைதான். முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. விஷயம் தெரிந்த பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அவருடைய கணவர் இதே மில்லில் பஞ்சுப் பிரிவில் வேலை பார்த்தவர். நான் சேர்வதற்குப் பல வருஷம் முன்பு ஒரு நாள் மத்தியான ஷிஃப்ட்டுக்கு உள்ளே போனார், வீடு திரும்பவில்லை. பாதி ஷிஃப்ட்டில் வெளியே போய்விட்டார் என்றார் வாட்ச்மேன். ஓடிப்போய்விட்டான் என்றது மில். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. ஓடிப்போனவருடைய சைக்கிள் மட்டும் ஸ்டாண்டிலேயே பூட்டியபடி நின்றது. டயரில் காற்று இறங்கி, சீட்டில் பஞ்சு படிந்து கிடந்ததை ஒரு நாள் அக்கா போய்த் தள்ளிக்கொண்டு வந்தாராம். பாவம் என்று மில் அவருக்கே ஒரு வேலை கொடுத்தது. பெருந்தன்மை என்று ஊரே சொன்னது. நானும் கொஞ்ச நாள் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு எல்லா மில்லிலும் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். எங்கள் மில்லில் பஞ்சு குடோனின் பின்பக்கச் சுவருக்கும் ஒரு பூசணிக்காய் உண்டு. அங்கே மிஷின் கிடையாது, கதவு கிடையாது, வெறும் சுவர். மற்ற இடங்களுக்கு ஆளை அனுப்பும் மேனேஜர் அங்கே மட்டும் தானே போவார், செருப்பைக் கழற்றிவிட்டு. ஏன் சார் என்று நான் கேட்டதற்கு, வழக்கம் என்றார். மில்லில் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும் என்பதால் விட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சுவர் ஓரமாக நடக்கும்போது, வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் எனக்குப் புறங்கை சிலிர்க்கும். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை.

கையெழுத்து நாளில் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். ரீலிங்கை நிறுத்திவிட்டிருந்தார்கள். அதுவரை அந்த ஹாலில் மௌனத்தை நான் கேட்டதே இல்லை. ஜன்னல் வழியே வந்த காற்றில் நூல் சுற்றும் சட்டங்கள் ஒன்று மாற்றி ஒன்றாக மெல்லச் சுற்றின, நின்றன, மறுபடி சுற்றின. காத்திருந்த பெண்கள் அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

கடிதத்தை வாசித்துக் காட்டுவது என் வேலை. பிறகு தொழிலாளியின் கையெழுத்து, இரண்டு சாட்சி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது. வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க வேண்டுமென்றால் ஒரு நகலை எடுத்துக்கொள்ளலாம். அக்கா முறை வந்தது. முதல் மூன்று பத்திகளை மளமளவென்று வாசித்தேன். நான்காவதில் இறங்கினேன்.

"என் சொந்தப் பணி தொடர்பாகவோ, இந்த ஆலையில் பணியாற்றிய காலஞ்சென்ற என் கணவர் தொடர்பாகவோ, எனக்கும் என் வாரிசுகளுக்கும் இப்போதும் இனி எப்போதும் எவ்விதக் கோரிக்கையும் இல்லை..."

வாசிக்கும்போதே என் குரல் எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. நிமிர்ந்தேன். அந்தக் குங்குமம் நேர் எதிரே இருந்தது.

"சாமி, இன்னொருக்கா படிங்க" என்றார்.

படித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்தார்.

"ஏனுங்க, அவரு செத்துட்டாருன்னு உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

கத்தவில்லை, அழவில்லை. நேரம் என்ன ஆச்சுங்க என்று கேட்பது போலத்தான் கேட்டார். மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார். "அது வக்கீல் பாஷைம்மா. ஏழு வருஷமா ஒரு தகவலும் இல்லைன்னா சட்டம் அப்படித்தான் எடுத்துக்கும்" என்றார். சட்டத்தில் அப்படி உண்டுதான், பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் ஓடிப்போன ஆளுக்கு மில்லின் மேல் என்ன கோரிக்கை இருக்க முடியும்? வேலை நேரத்தில் மில்லுக்குள் செத்தவனுக்குத்தானே நஷ்டஈடும் குடும்பத்துக்கு மாதப் பணமும்? கேட்காத ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லி எவனாவது எழுதி வாங்குவானா? இது எனக்கு அந்த மேஜையிலேயே தோன்றியது.

அக்கா நகலை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "ஊட்டுல கேட்டுட்டு வாரேனுங்க" என்று எழுந்து போனார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கடிதத்தின் ஆபீஸ் நகல் ஃபைலில் இல்லை. அவர் மேஜையில் புது வாசகம் இருந்தது. நான்காவது பத்தியில் கணவர் காணாமல் போயிருந்தார், எல்லாரையும் போலப் பொதுவான கோரிக்கைதான். தொகை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அக்காவும் கேட்கவில்லை, யூனியனும் கேட்கவில்லை.

"டைப்பிங் மிஸ்டேக்குன்னு சொல்லும்மா. இதுல கையெழுத்து வாங்கிக்க. பழைய பேப்பரை மறக்காம வாங்கிட்டு வா" என்றார். என் தலையில்தான் மிஸ்டேக்கைக் கட்டினார். ஜீப், சாட்சிக்கு இரண்டு பேர், பணத்துக்குச் செக், எல்லாம் தயாராக இருந்தன. போகிற வழியெல்லாம் நான் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய தாளை அக்கா தரக்கூடாது. அதை யூனியன் செயலாளரிடம் காட்டினால் அவர் சேலத்தில் வக்கீலிடம் கொண்டுபோவார். மில்லே தன் வாயால் சொன்ன சாட்சி அது ஒன்றுதான். சாட்சிக்கு வந்தவர்களுக்குக் கேட்காமல் அக்கா காதில் இதை எப்படிப் போடுவது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தலை முழுகி, ஈரமுடி தோளில் கிடக்க, வெள்ளைச் சேலையில் இருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. அந்த நெற்றி எவ்வளவு அகலமானது என்று அன்றுதான் பார்த்தேன்.

"வாங்க சாமி. அவரு காரியம் முடிஞ்சுதுங்க" என்றார்.

உடம்பு இல்லாதவர்களுக்கு வைக்கோலில் உருவம் கட்டி எரிப்பது உண்டு. அதற்கு அவருடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டு, நெஞ்சில் அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறார்கள். கொழுந்தனார் காலையிலேயே காவேரிக்கரைக்குக் கொண்டுபோய்த் தீ வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அக்கா, அதையா எரிச்சீங்க?" என்றேன்.

"அதத் தவர அவரு ஒடம்புன்னு வெக்க வேற என்னுங்க கெடைச்சுது? இத்தன வருசத்துல அவரப் பத்தி மில்லுல இருந்து வந்த சேதி அது ஒண்ணுதானுங்க." ஈரமுடியைத் தோளிலிருந்து பின்னால் தள்ளினார். "உள்ள போனவரு வந்தா நான் மொதல்ல பாக்கோணும்னுதானுங்க அந்த வேலைக்கே வந்தன். இனி எதுக்குங்க? எங்க கையெழுத்துப் போடோணும்?"

அடுக்கிவைத்த வார்த்தைகள் என் வாயிலேயே கிடந்தன. எரிந்ததைப் பற்றி இனி என்ன சொல்வது? கூட்டிய தொகையைச் சொன்னேன், காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. காட்டிய இடத்தில் மெதுவாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சிகளும் போட்டார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் பேசாமல் எழுந்து ஜீப்பில் ஏறினேன்.

மேனேஜர் வராந்தாவிலேயே நின்றிருந்தார். கையெழுத்தான கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை.

"பழைய பேப்பர்?"

"எரிச்சுட்டாங்க சார். வைக்கோல் பொம்மையோட."

"நல்லாத் தெரியுமா? முழுசா?"

"முழுசா."

அவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி நீளமாக இருந்தது அது. அந்த நிமிஷம் வரை, வக்கீல் பாஷைதானோ என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. பிறகு அவர் கண்ணைத் திறந்து, பாவம் அந்தம்மா என்று சொல்லிவிட்டு, எனக்கும் டிரைவருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார்.