விலகி இருந்த மூன்று நாள்

கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, கோட்டைப் பக்கம் இருந்த டாக்டரிடம் போனோம். என் மனைவிக்குக் கர்ப்பப்பை உள்சவ்வைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால் என் விந்துவைப் பரிசோதிக்க வேண்டுமாம்.

"மூணு நாள் விலகி இருந்துட்டு வாங்க சார். அதுக்குக் குறைஞ்சா அணு எண்ணிக்கை குறைவாத் தெரியும். அதுக்காக வாரக்கணக்கா அடக்கி வைக்காதீங்க, பழசு சேர்ந்து அசைவு மந்தமாயிடும்."

நான் கல்லூரியில் ரசாயனம் நடத்தியவன். ஆனாலும் விலகுவது என்றால் மனைவியிடமிருந்து என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவள் கூடத்தில் தனியாகப் படுத்தாள். எனக்கு வேறொரு பயம். ஆஸ்பத்திரிக் குளியலறையில், வெளியே ஆள் நடமாடும்போது, என்னால் விந்து எடுத்துக் கொடுக்க முடியாமல் போனால்? மூன்று நாளும் காலையில் வீட்டிலேயே பழகிப் பார்த்தேன். கடைசி நாள், பஸ் ஏறுவதற்கு முன்னால்கூட.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடிப் புட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"எண்ணிக்கை ரொம்பக் கம்மி. மூணு நாள் விலகி இருந்தீங்கதானே?"

"இருந்தேன்."

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. வாய் வரவில்லை.

"ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணக் கூடாது. அடுத்த மாசம் வாங்க. அதுவரை வீட்டம்மாவுக்குச் சோதனை ஒண்ணும் பண்ண வேண்டாம்."

போகவில்லை. இன்னொரு தடவை அந்தப் புட்டியைப் பிடிக்க வெட்கம். குறை என்னிடம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

"போனாப் போறதுன்னா. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுண்டு! எனக்கு நீங்க, உங்களுக்கு நான். சாப்பிட வாங்கோ" என்றாள். இரண்டு வருஷம் என்னைத் தேற்றினாள். மாலையில் மேல் சுடுவதையும், உடம்பு இளைப்பதையும், விலக்கு நாள் தப்புவதையும் வெயில் என்றாள். நானும் வெயில் என்றேன்.

வயிற்று வலியில் சுருண்டு விழுந்தபோது அதே டாக்டரிடம் தூக்கிப் போனேன். சவ்வைச் சோதித்தார்கள். கர்ப்பப்பையில் காசநோய். ஊசி போட்டுப் பிழைக்க வைத்துவிடலாம், குழந்தைக்கு வழியில்லை என்றார். அப்போதுதான் பழகிப் பார்த்ததைச் சொன்னேன்.

"எப்படி வெளியேறினாலும் கணக்கு ஒண்ணுதான் சார். அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்றைக்கே அவளைச் சோதித்திருந்தால்?"

"சொல்ல முடியாது. ஒருவேளை."

நிஜமாகவே நாலு நாள் விட்டு மறுபடி கொடுத்தேன். எண்ணிக்கை, அசைவு இரண்டும் நன்றாக இருந்தன.

வார்டில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவர் கேட்டப்போ ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"வெட்கமாக இருந்தது."

"அத்தனை பேர் முன்னாடி என்னைப் பரிசோதனை பண்ணாளே, எனக்கு இல்லையா வெட்கம்?"

அவள் பிழைத்தாள். முப்பது வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டாள். அதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசவில்லை. பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நானாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.