பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘சி’

அவளுடைய ரெஸ்யூமைப் பார்த்த அன்றே எனக்கு வயிறு எரிந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரி, என் வயதுக்காரி. எங்கள் இரண்டு அப்பாக்களும் மைசூர் ஹெப்பாளில் ஒரே தொழிற்சாலையில் வேலை, ஒரே கம்பெனி பஸ். அதனால் அம்மாவுக்கு என்னைத் திட்ட வேறு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. அவ எழுத்தைப் பாரு, அவ நடையைப் பாரு, அவ பேசுற இங்கிலீஷைப் பாரு. பார்த்துப் பார்த்தே எனக்குக் கண் வலித்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மைசூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒன்றில்தான் இருவரும் டிப்ளமோ முடித்தோம். நான் அங்கேயே லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். அவள் கூடுதலாக விஷுவல் பேசிக் படித்தாள். அதற்கும் சேர்த்து எரிந்தேன்.

ஒரு நாள் பெங்களூர்க் கம்பெனி ஒன்று எங்கள் மாணவர்களின் ரெஸ்யூம்களைக் கேட்டது. வேர்ட் ஃபைலாக அனுப்பக் கூடாது, வெறும் எழுத்தாக ஈமெயிலுக்குள் ஒட்டி அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. அங்கே முதலில் மனிதர்கள் படிப்பதில்லை, ஒரு மென்பொருள்தான் படிக்கிறது என்று எங்கள் சார் கன்னடத்தில் விளக்கினார். முதல் வரியைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளுமாம். தெரிந்த மென்பொருட்கள் என்னென்ன என்று வார்த்தை வார்த்தையாகத் தேடுமாம். அதனால் ஒவ்வொரு ரெஸ்யூமையும் மொத்தமாக காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார், அதில் தெரிவதுதான் அந்த மெஷினுக்கும் தெரியும், தெரியாததைச் சரிசெய்துவிட்டு அனுப்பு என்று அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

நோட்பேடில் ஒட்டினால் ஒவ்வொருவர் குட்டும் வெளிப்பட்டது. தடித்த எழுத்து, வண்ணம், கோடு எல்லாம் போய்விடும். அட்டவணைக்குள் போட்ட மார்க்குகள் டேப் இடைவெளி விட்டுத் தாறுமாறாக நின்றன. பக்கத்தின் தலைப்பகுதியில் பெயரைப் போட்டவர்களுக்குப் பெயரே வரவில்லை. நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பெயரை முதல் வரியில் அடித்தேன், அதன் கீழ் முகவரி, அட்டவணையைப் பிரித்து வரிவரியாக. என்னுடையதை இரண்டு தடவை பார்த்தேன்.

கடைசியில் அவளுடைய ஃப்ளாப்பி.

வேர்டில் திறந்ததும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. பெயர் வேர்ட் ஆர்ட்டில் வளைந்து நின்றது. வலது பக்கம் ஒரு கட்டத்துக்குள் முகவரியும் ஃபோன் நம்பரும். எல்லாவற்றுக்கும் மேலே நட்டநடுவில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. சென்டரில் பத்திரிகை அடிக்க வைத்திருந்த தமிழ் எழுத்துருவில் அந்த ‘உ’வைப் போட்டிருந்தாள். அந்த எழுத்துருவில் ‘உ’ வர வேண்டுமானால் கீபோர்டில் சின்ன ‘c’யை அழுத்த வேண்டும்.

நோட்பேடில் ஒட்டினேன். படமாக இருந்த பெயர் வரவில்லை. கட்டத்துக்குள் இருந்த முகவரியும் வரவில்லை. தமிழ் எழுத்துரு கழன்றுபோனதால் பிள்ளையார் வெறும் ஆங்கில எழுத்தாகி முதல் வரியில் உட்கார்ந்திருந்தார்: c. அதன் கீழே நேராக அவளுடைய லட்சியம், படிப்பு, விஷுவல் பேசிக்.

பெயரை அடிக்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். அடிக்கவில்லை. நானா அவளைப் படம் வரையச் சொன்னேன், இவ்வளவு கெட்டிக்காரிக்கு இதுகூடத் தெரியாதா என்று மனசுக்குள் சண்டை போட்டேன். அவளுக்குத் தை மாதத்தில் கொள்ளேகால் மாமா பையனோடு கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. வேலை கிடைத்தால் இரண்டு வருஷம் தள்ளிப்போடுவதாக அவள் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். முந்தின வாரம்தான் பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்கு கணே” என்றாள். நம் ‘டி’ மாதிரி வரும் கன்னடத்து ‘கணே’ எங்கள் தமிழில் அப்படித்தான் ஒட்டிக்கிடந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படியே ஈமெயிலில் ஒட்டி, சென்டர் முகவரியிலிருந்து அனுப்பினேன். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இன்டர்வியூவுக்கு நான்கு பேர். சார் அதை அச்செடுத்துக் கதவில் ஒட்டினார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் பெயர் இல்லை. முதல் இரண்டு பெயர்கள் பையன்களுடையவை. நான்காவது குவெம்புநகரிலிருந்து வரும் பெண். மூன்றாவது வரியில் பெயர் இல்லை. ஒரு சின்ன c மட்டும் இருந்தது.

பெயர் இல்லாமல், முகவரி இல்லாமல், ஒரே ஒரு எழுத்தாகப் போயும் அவள் என்னை ஜெயித்துவிட்டாள். அந்த மெஷினுக்கு அவள் அழகு தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. அதற்குத் தெரிந்தது விஷுவல் பேசிக் மட்டும்தான்.

அவள் பட்டியலை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்தாள். அழவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, “பரவால்ல, தையில எப்படியும் லீவு வேணும்ல” என்று சிரிக்கப் பார்த்தாள். சார் அந்த மூன்றாவது வரியைப் பேனாவால் தட்டினார். ஏதோ சி லாங்குவேஜ் என்கிற வார்த்தை பெயராக விழுந்துவிட்டது, நம்மிடம் இப்படி யாரும் இல்லை, மூன்று பேர் போதும் என்று எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் நடந்தார்.

அவர் உட்காருகிற வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் நல்லவள் என்பதற்காகப் பேசவில்லை. அவள் அந்தத் துப்பட்டாவை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள், அதைப் பார்க்க முடியவில்லை.

“சார், அனுப்பாதீங்க. அது இவதான்” என்றேன்.

அவள் திரும்பினாள். “நானா? எப்படி?”

“உன் பிள்ளையார் சுழி. நோட்பேட்ல போட்டா சி-ன்னுதான் வரும். பேரு வராது.”

சார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பாராட்டு வாங்கியே வளர்ந்த மூளை, அது எந்தக் கேள்வியில் போய் நின்றது என்று எனக்குத் தெரிந்தது.

“உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“அனுப்பினதுலேர்ந்து” என்றேன். அப்போதும் ‘அனுப்புறதுக்கு முன்னாடியே’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவும் இல்லை.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மறுநாள் காலை ஃப்ளாப்பியோடு வந்தாள். இன்டர்வியூவுக்கு எடுத்துப்போகப் புதிதாக ஒன்று அடித்துத் தரச் சொன்னாள். வேர்ட் ஆர்ட் வேண்டாம், கட்டம் வேண்டாம். நான் அடித்தேன். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பத்து வருஷமாக என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்தவள் அன்று நாற்காலியைக்கூடத் தொடவில்லை.

முடித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றேன்.

“நோட்பேட்ல போட்டுக் காட்டு. நான் பாக்கணும்.”

ஒட்டினேன். முதல் வரியில் அவள் பெயர் முழுசாக இருந்தது. அதை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். பிறகு ஃபோன் நம்பரை, ஒவ்வொரு எண்ணாக. அச்செடுத்துக் கொடுத்ததும் என்னிடம் பேனா கேட்கவில்லை, தன் பையிலிருந்தே எடுத்தாள். தாளின் உச்சியில் கையாலேயே ஒரு பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டு போனாள்.