ஒரிஜினல்தான் என்று சொன்ன குரல்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறையே பார்லர். சாய்வு நாற்காலி இரண்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. புருவம் திருத்திக்கொள்ள வருகிறவர்கள் பாதிப்பேர் கைப்பையில் ஒரு டப்பாவோடு வருவார்கள். ஆன்லைனில் வாங்கினேன், நிஜமா போலியா பார்த்துச் சொல்லுங்க அக்கா என்பார்கள். டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் ஓடுகிற ஜனங்கள், இவள் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அவளும் லேசில் சொல்லிவிட மாட்டாள். அட்டைப்பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் டப்பாவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பார்ப்பாள். ஒவ்வொரு தடவை தயாரிக்கிற சரக்குக்கும் ஒன்றென, பெட்டி அச்சாகி வந்த பிறகு தொழிற்சாலையில் தனியாக அடிக்கிற எண் அது. அதனால் நிஜச் சரக்கில் மற்ற எழுத்துகளோடு ஒட்டாமல், கொஞ்சம் கோணலாகக்கூட இருக்கும். பிறகு மூடிக்கு அடியில் உள்ள சீல், எழுத்துப்பிழை, வாசனை. எல்லாவற்றுக்கும் முன்னால் விலை. டீலர் தனக்குக் கொடுக்கிற விலையைவிடக் குறைவாக எவனாவது ஊருக்கே விற்றால் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

இத்தனை கெட்டிக்காரி ஏமாந்தது வீட்டுக்குள்ளேயே.

புருஷனோடு ஒத்துப்போகாமல் நாத்தனார் இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தபோது, பார்லர் அக்கா முகம் சுளிக்கவில்லை. பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்த நாத்தனார், ஒரு நாள் எழுந்து தலை வாரிக்கொண்டு, போனிலேயே அழகுப் பொருள் விற்கப் போகிறேன் என்றாள். இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

நாத்தனார் பிடித்து வைத்திருந்த சப்ளையரை யாரும் நேரில் பார்த்ததில்லை. போனில் ஒரு நம்பர், அவ்வளவுதான். முகத்துக்குப் போடும் நைட் க்ரீம் டீலர் விலையில் பாதிக்கும் கீழே. பெட்டி நசுங்கிய ஏற்றுமதிச் சரக்கு, அதனால்தான் மலிவு என்றானாம். பார்லர் அக்கா நம்பவில்லை, சாம்பிள் அனுப்பச் சொன்னாள். வந்தது. ஒரு மணி நேரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எண் பொருந்தியது, சீல் சரி, வாசனை சரி. கம்பெனியின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் தயாரித்த மாதமும் வந்தது. நாத்தனார் போனை நீட்ட, "நான் பார்த்துட்டேன், ஒரிஜினல்தான், தைரியமா போடுங்க" என்று பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். அந்தக் குரல் குரூப் குரூப்பாகப் பறந்தது.

அவள் பார்த்த டப்பா ஒரிஜினல்தான். அதில் பொய்யில்லை. சாம்பிளை மட்டும் கடையில் வாங்கி அனுப்பியிருந்தான் அந்த மகராசன்.

மொத்தச் சரக்கு வந்து இறங்கிய அன்று பார்லரில் நிற்க இடமில்லை. ஒருத்தியின் புருவத்தின் மேல் குனிந்து, நூலைப் பல்லில் கடித்தபடி இருந்தாள் பார்லர் அக்கா. நாத்தனார் வாசலில் நின்று பேட்ச் எண்ணைப் படித்துக் காட்டினாள். சாம்பிளில் இருந்த அதே எண். வாயில் நூல் இருந்ததால் பேச முடியவில்லை, சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள். அந்தப் பிறகு வரவேயில்லை.

முதல் சில வாரங்கள் கொண்டாட்டமாகத்தான் போயின. முகம் பளபளக்கிறது என்று பெண்கள் படம் அனுப்பினார்கள். நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள், தனக்கென்று ஒரு பீரோ வாங்கினாள், நைட் க்ரீமோடு ஃபேஸ்வாஷ், சன்ஸ்க்ரீன் என்று தொழிலைப் பெருக்கினாள். சிரிக்கிறவளைப் போய் எதற்குக் குடைய வேண்டும் என்று பார்லர் அக்காவும் பின்னறைப் பக்கம் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஓட்டல் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். மெதுவாக விலக்கினாள். கன்னம் இரண்டும் தோல் உரித்த மாதிரி சிவந்து, மெல்லிய ரத்தநாளங்கள் வெளியே தெரிந்தன. தாடை முழுக்கக் கொப்புளம். க்ரீமை நிறுத்தினால் எரிகிறதாம், போட்டால் அடங்குகிறதாம். ஸ்டீராய்டு கலந்திருக்கும்போல, சரியாக நாளாகும் என்று டாக்டர் சொன்னாராம். ஓட்டலில் அவளை முன்மேசையிலிருந்து எடுத்து, துணி மடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சண்டை போட வந்தவள் போலவே இல்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

அவள் பையிலிருந்து நைட் க்ரீமையும் ஃபேஸ்வாஷையும் எடுத்து வைத்தாள். பார்லர் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பினாள். இரண்டிலும் ஒரே பேட்ச் எண். டப்பாவும் வேறு, உள்ளே இருக்கிற பொருளும் வேறு. இந்தக் கம்பெனியில் ஒரு பொருளின் எண் இன்னொரு பொருளுக்கு வராது. அதுவும் அந்தச் சாம்பிளின் எண். மற்ற எழுத்துகளோடு சேர்த்து, அதே மையில், அளவெடுத்தாற்போல நேராக அச்சாகியிருந்தது. நிஜமான ஒரு எண்ணைத் திருடி ஊரிலுள்ள டப்பாவுக்கெல்லாம் ஒட்டியிருக்கிறான். கம்பெனி தளத்தில் போட்டால் சரி என்றுதான் வரும். வந்தது என்பதற்காக நம்பியவளும் அவள்தான்.

"போலிம்மா," என்றாள். "என் தப்பு. நான் பார்க்காம விட்டுட்டேன்."

அந்தப் பெண் துப்பட்டாவை மறுபடி முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "விலை கம்மியா இருக்கேன்னு எனக்கும் தோணுச்சு அக்கா," என்றாள் பிறகு. "உங்க குரல் இருந்துச்சு, அதான் வாங்கினேன்."

அவள் போனதும் பார்லர் அக்கா நேரே பின்னறைக்குப் போய் மூட்டைகளைப் பிரித்தாள். அந்த வாரம் வந்த சன்ஸ்க்ரீனிலும் அதே எண். நாத்தனார் முதலில் சத்தம் போட்டாள், பிறகு அழுதாள், பிறகு சப்ளையரைக் கூப்பிட்டாள். நம்பர் உபயோகத்தில் இல்லை. புகார் கொடுக்க ஒவ்வொன்றிலும் இரண்டை எடுத்து வைத்துவிட்டு, மீதியை அழித்துவிடலாம் என்றாள் பார்லர் அக்கா. அதற்கு முன்னால் போனை வாங்கி, எல்லா குரூப்பிலும் மறுபடி பேசினாள். போலி என்று சொன்னாள், தான் ஏமாந்ததைச் சொன்னாள், முகத்தில் போடாதீர்கள், போட்டவர்கள் டாக்டரைப் பாருங்கள் என்றாள். குரல் இரண்டு தடவை உடைந்தது.

திட்டு வரும் என்று காத்திருந்தாள். இரண்டு மூன்று திட்டு வரத்தான் செய்தது. ஒருத்தி, இனிமேல் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாள். அதை வாங்கிக்கொள்ள அவளால் முடிந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றைத்தான் தாங்க முடியவில்லை. மீதி இருந்தால் பாதி விலைக்குத் தருவீர்களா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு டப்பா எடுத்து வையுங்கள் என்று இன்னொருத்தி. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது.

நாத்தனார் அவற்றையெல்லாம் மெதுவாகப் படித்தாள். அழுகை நின்றிருந்தது. மூட்டையைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள், தணிந்த குரலில். "தெரிஞ்சேதானே கேக்கறாங்க. உங்க குரல் வேண்டாம். நானே வித்துக்கறேன்."

பார்லர் அக்கா கத்தரிக்கோலை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து, சன்ஸ்க்ரீன் ட்யூபை ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டத் தொடங்கினாள். நாத்தனார் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து, வெட்டாத மூட்டை ஒன்றைக் கத்தரிக்கோலுக்கு எட்டாதபடி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.