வளையாத இடத்திலும் கோடுகள்

எங்கள் தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப்பைக் கட்டி ஆள்பவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். சகலை பேச்சு வராத வரைக்கும் தங்கமான மனுஷர். அந்தச் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், அதே தொழிற்சாலையில் தகடு வளைக்கும் பிரஸ் ஷாப்பின் போர்மேன். இவருக்குப் பின்னால் சேர்ந்தவர், இவருக்கு முன்னால் பதவி வாங்கிவிட்டார். போதாக்குறைக்கு மாமனார் வரும்போதெல்லாம், "சின்ன மாப்பிள்ளை சாமர்த்தியம் யாருக்கு வரும்!" என்பார். லென்ஸ்காரருக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரு நாள் சகலை வளைத்த மெக்னீசியம் மூடிகள் மடிப்பில் விரிசல் விட்டன. "தகட்டைச் சூடு பண்ணாம வளைச்சிருந்தா அவர் போர்மேனா இருக்க முடியாது. பாத்துச் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

உலோகத்தை வளைத்தால் உள்ளே அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். அலுமினியத்தில் அதற்குப் பல பக்கம் வழி. மெக்னீசியத்தின் அறுகோண அடுக்கிலோ, சூடு இல்லாதபோது, ஒரே ஒரு தளத்தில்தான் சுலபமாகச் சறுக்கும். அது உதவாத பக்கம் அழுத்தினால், உலோகத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் நுண்ணிய படிக மணியின் ஒரு பகுதி கண்ணாடி பிம்பம்போலச் சட்டென்று திரும்பிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் அது நுனி கூர்ந்த பட்டையாகத் தெரியும். இரட்டை என்போம். அதுவும் கொஞ்சம்தான் தாங்கும், பிறகு விரிசல். சூடேற்றினாலோ மற்ற தளங்களும் சறுக்கும், பட்டைகள் அபூர்வம்.

லென்ஸ்காரருக்குக் கை பரபரத்தது. மெதுவாக வெட்டும் இயந்திரத்தை விட்டுவிட்டு, மூடியை வைஸ் பிடியில் இறுக்கி ரம்பத்தால் அறுத்தார். அரைகுறையாகத் தேய்த்துக் கண்ணை வைத்தார். எங்கே பார்த்தாலும் பட்டைகள்!

"வாப்பா, வந்து பாரு! சூடு காட்டாம பச்சையாவே வளைச்சிருக்கான் பெரிய சாமர்த்தியசாலி!" என்று என்னைக் கூப்பிட்டார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

குனிந்து பார்த்தேன். "சார், மடிப்புல இருக்கு, சரி. வளைக்காத நேர்த்தகட்டுலயும் இவ்வளவு இருக்கே?"

சிரிப்பு போய்விட்டது. நேர்த்தகட்டை யாரும் வளைக்கவில்லை. அங்கே பட்டைகளை உண்டாக்கியது இவருடைய வைஸும் ரம்பமும் கொடுத்த அழுத்தம்தான்.

அறிக்கை கேட்டு மேனேஜரின் ஆள் வாசலில் நின்றார். லென்ஸ்காரர் என்னைப் பார்த்தார், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார். "சாயங்காலம் தரேன்னு சொல்லு" என்றார். வேறொரு மூடியை இயந்திரத்தில் எண்ணெய் விட்டு மெதுவாக வெட்டி, பொறுமையாக மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்துப் பார்த்தார். மடிப்பிலும் அங்கொன்று இங்கொன்றுதான். சூடேற்றித்தான் வளைத்திருக்கிறார் சகலை. தகட்டை மடிக்கும் அச்சின் விளிம்பு மிகவும் கூராக இருந்ததுதான் வினை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மாமனாரும் இருந்த நேரத்தில், சகலை பழக்கூடையோடு லென்ஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நீங்க இல்லேன்னா என் வேலை போயிருக்கும்!"

லென்ஸ்காரர் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "தப்பே இல்லாத வேலைய யாரு பாத்தா என்ன? சின்ன மாப்பிள்ளை சாமர்த்தியம் அது!"